என்.ஏ.ரி. வகையும் துறை முன்னனுப்பலும்: இணைய விளையாட்டில் இணைப்புத் தடையும் தாமதமும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
கணினி வலையமைப்பு: மேலதிகப் பாடம்

1. அறிமுகம்

நெல்லியடியில் என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன் ஒருநாள் வகுப்பு முடிந்த பின்னும் வீடு செல்லாது நின்றான். அவன் தனது கணினியில் மைன்கிராப்ற் விளையாட்டுக்கான சேவையகம் ஒன்றை நிறுவியிருந்தான். ஆனால் பருத்தித்துறையில் உள்ள அவனுடைய நண்பனால் அதில் இணைய முடியவில்லை. "நெற் ஸ்பீட் காணாது சேர். அம்மாவிட்டைச் சொல்லிப் பெரிய பக்கேஜ் ஒண்டு எடுக்கப் போறன்" என்றான். மாதந்தோறும் கூடுதலாகச் செலுத்த வேண்டிய தொகையையும் கூறினான். அத்தொகை அவனுடைய இரண்டு பாடங்களுக்கான வகுப்புக் கட்டணத்திலும் அதிகம்.

அவன் தாயாரிடம் கேட்பதற்கு முன்னர், அவனது பிரச்சினை உண்மையில் வேகம் பற்றியதுதானா என இருவரும் சோதித்துப் பார்த்தோம். அந்தச் சோதனையே இப்பாடம்.

மாணவர்களே, முதலில் இரு வேறு பிரச்சினைகளைப் பிரித்தறிந்து கொள்ளுங்கள்.

(அ) இணைப்புத் தடை: மற்றவருடன் சேரவே முடியாமை. திரையில் `NAT Type: Strict` அல்லது `Connection timed out` எனக் காணப்படும்.

(ஆ) தாமதம்: சேர்ந்து விளையாட முடிகின்றது. ஆனால் அழுத்திய விசைக்குரிய செயல் பிந்தி நிகழ்கின்றது. இதையே நீங்கள் "லாக் அடிக்குது" என்கிறீர்கள்.

இவ்விரண்டுக்கும் காரணங்கள் வெவ்வேறு. ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் பணம் செலவாகும், நோய் தீராது.

2. வலையமைப்பு முகவரி மாற்றம் என்றால் என்ன?

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி தேவை. நான்காம் பதிப்பு முகவரி 32 பிற்றுக்களால் ஆனது. ஆகவே மொத்த முகவரிகள் 2³², அதாவது ஏறத்தாழ 429 கோடி மாத்திரமே. உலகிலுள்ள கணினிகளுக்கும் தொலைபேசிகளுக்கும் இது போதாது. எனவே ஒரு வீட்டுக்கு ஒரு பொது முகவரியும், வீட்டினுள் உள்ள கருவிகளுக்குத் தனிப்பட்ட முகவரிகளும் வழங்கப்படுகின்றன. `192.168.` எனத் தொடங்கும் முகவரிகள் இத்தகைய தனிப்பட்ட முகவரிகளாகும். வீட்டிலிருந்து வெளியேறும் பொதியின் தனிப்பட்ட முகவரியை நீக்கி, பொது முகவரியை இட்டு அனுப்பும் வேலையை வழிப்படுத்தி (நீங்கள் ரவுட்டர் என அழைப்பது) செய்கின்றது. இதுவே வலையமைப்பு முகவரி மாற்றம் எனப்படும். இதனைச் சுருக்கமாக என்.ஏ.ரி. என்போம்.

இதனை விளங்கிக்கொள்ள உங்கள் பெற்றோரிடம் "கொமினிக்கேசன்" கடைகளைப் பற்றிக் கேளுங்கள். வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலத்தில், ஊருக்கு ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. கடையிலிருந்து வெளிநாட்டிலுள்ள மாமாவுக்கு அழைப்பு எடுப்பது எளிது. "பத்து நிமிசத்தாலை எடுங்கோ, இஞ்சைதான் நிக்கிறன்" என்று சொல்லிக் காத்திருந்தால், அவர் திருப்பி எடுக்கும்போது கடைக்காரர் உங்களைக் கூப்பிடுவார். ஆனால் முன்னறிவித்தல் எதுவும் இன்றி ஒருவர் அக்கடைக்கு அழைப்பு எடுத்து "தம்பியைக் கூப்பிடுங்கோ" என்றால், எந்த வீட்டுத் தம்பி என்று கடைக்காரருக்குத் தெரியாது. அவர் தொலைபேசியை வைத்துவிடுவார்.

வழிப்படுத்தியும் அந்தக் கடைக்காரரைப் போன்றதே. உள்ளிருந்து சென்ற அழைப்புக்கான மறுமொழியை உரியவரிடம் சேர்க்கும். வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பை யாரிடம் கொடுப்பது என்று அறியாமையால் கைவிட்டுவிடும்.

3. துறை எண்

வடமராட்சி மாணவர்களுக்குத் "துறை" என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என்று ஒரே கரையிற் பல துறைகள் உள்ளன. எந்தத் துறைக்கு வரும் தோணியை யார் எதிர்கொள்வர் என்பது வழமையாகத் தெரிந்திருக்கும். கணினியிலும் ஒரே ஐ.பி. முகவரியின் கீழ் 0 முதல் 65,535 வரையான துறை எண்கள் உள்ளன. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு துறையிற் காத்திருக்கும். மைன்கிராப்ற் ஜாவா பதிப்பின் சேவையகம் வழமையாக `25565` என்ற துறையிலும், எக்ஸ்பொக்ஸ் இணைய விளையாட்டுச் சேவை `3074` என்ற துறையிலும் இயங்குகின்றன.

"25565 என்ற துறைக்கு வெளியிலிருந்து வருவதை எல்லாம் 192.168.1.10 என்ற கணினியிடம் கொடு" என்று வழிப்படுத்திக்கு முன்கூட்டியே கட்டளையிடுவதே துறை முன்னனுப்பல் ஆகும். கடைக்காரரிடம் "தம்பி என்று கேட்டால் மூன்றாம் வீட்டிலை சொல்லுங்கோ" என்று எழுதிக் கொடுத்து வைப்பதற்கு இது ஒப்பானது.

4. என்.ஏ.ரி. வகைகள்

விளையாட்டுக்களில் மூன்று வகைகள் காட்டப்படும்: திறந்தது (`Open`), மிதமானது (`Moderate`), கடுமையானது (`Strict`). பிளேஸ்ரேசனில் இவை 1, 2, 3 என்ற எண்களாற் குறிக்கப்படும். திறந்தது எல்லா வகையினருடனும் சேரும். மிதமானது திறந்ததுடனும் மிதமானதுடனும் சேரும். கடுமையானது பொதுவாகத் திறந்ததுடன் மாத்திரமே சேரும். இதனை மனனம் செய்வதிலும் பார்க்க, ஏன் என்று விளங்கிக்கொள்வது நன்று.

சில விளையாட்டுக்களில் விளையாடுவோரின் கருவிகள் நேருக்கு நேர் பொதிகளை அனுப்பிக்கொள்கின்றன. இருவரையும் அறிமுகம் செய்து வைப்பது சோடி சேர்க்கும் சேவையகம். மாணவன் அ இனது பொது முகவரி 203.0.113.5 எனக் கொள்வோம். அவன் சேவையகத்துடன் தொடர்பு கொள்ளும்போது, அவனது வழிப்படுத்தி 40001 என்ற வெளித்துறையை ஒதுக்குகின்றது. சேவையகம் மாணவன் ஆ இடம் "அ இன் முகவரி 203.0.113.5, துறை 40001" என்று அறிவிக்கின்றது. அவ்வாறே ஆ இன் முகவரியும் அ இற்கு அறிவிக்கப்படுகின்றது. இருவரும் ஒரே வேளையில் ஒருவருக்கொருவர் பொதி அனுப்புவர். தான் அனுப்பியதற்கான மறுமொழி என்று கருதி, இரு வழிப்படுத்திகளும் வருகின்ற பொதியை உள்ளே விடும்.

*மிதமான வகை:* அ இன் வழிப்படுத்தி, ஆ இற்கு அனுப்பும் போதும் அதே 40001 ஐயே பயன்படுத்தும். ஆகவே ஆ எதிர்பார்த்த துறையிலிருந்தே பொதி வருகின்றது. இணைப்பு ஏற்படும்.

*கடுமையான வகை:* இங்கு அ இன் வழிப்படுத்தி சேருமிடத்துக்குச் சேருமிடம் வேறு துறையை ஒதுக்கும். சேவையகத்துக்கு 40001, ஆ இற்கு 40002. ஆனால் ஆ இற்குத் தெரிந்தது 40001 மாத்திரமே. ஆ அனுப்பும் பொதி 40001 ஐ அடைந்து கைவிடப்படுகின்றது, ஏனெனில் அது சேவையகத்துக்கு மட்டும் திறந்த துறை. அ அனுப்பும் பொதியோ 40002 இலிருந்து வருவதால், ஆ இன் வழிப்படுத்தி அதனை அறியாதவர் என்று கைவிடுகின்றது. இருவரும் சேர முடியாது.

இப்போது ஆ தனது துறையை முன்னனுப்பித் திறந்து வைத்திருந்தால் என்ன நிகழும்? 40002 இலிருந்து வரும் பொதியும் உள்ளே செல்லும். ஆ அதற்கு 40002 இற்கே மறுமொழி அனுப்புவான். இணைப்பு ஏற்பட்டுவிடும். கடுமையானது திறந்ததுடன் மட்டும் சேர்வதன் காரணம் இதுவே.

5. தாமதத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

முகவரி மாற்றும் வேலை வீட்டு வழிப்படுத்திக்கு ஒரு மில்லிசெக்கனிலும் குறைந்த நேரமே எடுக்கும். ஆகவே `Strict` என்று இருப்பது நேரடியாகத் தாமதத்தை உண்டாக்காது. `Open` ஆக மாற்றுவதால் தாமதம் தானாகக் குறையவும் மாட்டாது. ஆனால் மறைமுகமான தொடர்பு ஒன்று உண்டு. உங்களுடன் சேரக்கூடியவர்களின் எண்ணிக்கை குறைவதால், அருகில் உள்ளவர் கிடைக்காமல் தொலைவில் உள்ளவருடன் சோடி சேர நேரிடலாம். சில விளையாட்டுக்களில், நேரடியாகச் சேர முடியாத இருவருக்கு இடையில் மூன்றாவது சேவையகம் ஒன்று பொதிகளை வாங்கிக் கொடுக்கும். அச்சேவையகம் தொலைவில் இருந்தால் வழி நீளும், தாமதமும் கூடும்.

பப்ஜி மொபைல் போன்ற விளையாட்டுக்களில் எல்லோரும் நிறுவனத்தின் சேவையகத்துடனேயே தொடர்பு கொள்கின்றனர். அங்கு எல்லா அழைப்பும் உள்ளிருந்தே வெளியே செல்கின்றது. எனவே துறை முன்னனுப்பலால் அங்கு ஆட்டத்தின் தாமதம் குறையாது.

அங்கு தாமதத்தைத் தீர்மானிப்பது தூரமே. நெல்லியடியிலிருந்து கொழும்பினூடாகச் சிங்கப்பூரிலுள்ள சேவையகம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,100 கிலோமீற்றர் எனக் கொள்வோம். ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். போய்வரும் தூரம் 6,200 கிலோமீற்றர்.

```
6200 / 200000 = 0.031 s = 31 ms
```

வழிகள் வளைந்து செல்வதாலும், இடையிலுள்ள கருவிகள் நேரம் எடுப்பதாலும் உண்மையான அளவு இதிலும் கூடும். ஆனால் எவ்வளவு பணம் செலுத்தினாலும் இத்தூரத்தில் 31 மில்லிசெக்கனிலும் குறைக்க முடியாது.

குறிப்பு: பட்டையகலம் என்பது வீதியின் அகலம். தாமதம் என்பது பயண நேரம். கண்டி வீதியை இரு மடங்கு அகலமாக்கினாலும் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான தூரம் குறையாது. ஆனால் வீதி நெரிசலாக இருந்தால் மட்டும் அகலமாக்குவது பயன் தரும்.

6. அந்த மாணவனின் பிரச்சினை: படிப்படியான சோதனை

படி 1. சேவையகம் இயங்குகின்றதா? அவன் தனது கணினியிலேயே `localhost` என்று கொடுத்து இணைந்தான். இணைந்தது. அண்ணனின் மடிக்கணினியிலிருந்து `192.168.1.10` என்று கொடுத்தும் இணைந்தது. ஆகவே சேவையகமும் கணினியின் தீச்சுவரும் சரி.

படி 2. துறை முன்னனுப்பல். வழிப்படுத்தியின் பக்கத்தில் `Port Forwarding` என்ற பகுதியைத் திறந்தோம். சில வழிப்படுத்திகளில் இது `Virtual Server` எனப்படும். கொடுத்த விபரங்கள் இவை:

```
External port : 25565
Internal port : 25565
Internal IP   : 192.168.1.10
Protocol      : TCP
```

கணினியை மீள இயக்கும்போது 192.168.1.10 என்ற முகவரி மாறிவிட்டால் இக்கட்டளை பயனற்றுப் போகும். ஆகவே அம்முகவரியை அக்கணினிக்கென்றே ஒதுக்கி வைத்தோம்.

படி 3. வெளியிலிருந்து சோதித்தல். சொந்த வீட்டிலிருந்தே தனது பொது முகவரிக்கு இணைந்து பார்ப்பது நம்பத்தகாதது, ஏனெனில் பல வழிப்படுத்திகள் அதனை அனுமதிப்பதில்லை. ஆகவே பருத்தித்துறை நண்பனையே முயற்சிக்கச் சொன்னோம். அவனுக்கு மீண்டும் `Connection timed out` என்றே வந்தது. இச்செய்தியைக் கவனியுங்கள். `Connection refused` என்று வந்திருந்தால், பொதி ஒரு கருவியை அடைந்தது, ஆனால் அத்துறையில் எவரும் காத்திருக்கவில்லை என்பது பெரும்பாலும் பொருள். `timed out` என்றால் பொதி வழியில் எங்கோ கைவிடப்பட்டது. எங்கே?

படி 4. வழிப்படுத்தியின் நிலைப் பக்கத்தில் `WAN IP` என்பதைப் பார்த்தோம். `100.72.` எனத் தொடங்கும் முகவரி இருந்தது. "எனது ஐ.பி. முகவரி என்ன" என்று காட்டும் இணையப் பக்கமோ முற்றிலும் வேறொரு முகவரியைக் காட்டியது. பிரச்சினை அகப்பட்டுவிட்டது.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரையான முகவரிகள், இணைய வழங்குநர் தமது வலையமைப்பினுள் பயன்படுத்துவதற்காக 2012 ஏப்பிரலில் ஒதுக்கப்பட்டவை. ஆசிய பசுபிக் பிராந்தியத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக் நிறுவனத்தின் கையிருப்பு 2011 ஏப்பிரல் 15 இல் இறுதித் தொகுதியை எட்டியதன் பின்னர், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கும் முறை பரவியது. சிம் அட்டையில் இயங்கும் 4ஜி வழிப்படுத்திகளில் இது மிகவும் சாதாரணம். அவனது வீட்டிலும் 4ஜி வழிப்படுத்தியே இருந்தது.

அதாவது அவனது வீட்டுக் கடைக்காரருக்கு மேலே இன்னொரு பெரிய கடைக்காரர் இருக்கின்றார். வீட்டுக் கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்த குறிப்பு சரியானதே. ஆனால் அழைப்பு வருவது பெரிய கடைக்கு. அங்கு குறிப்பெழுத நமக்கு அனுமதி இல்லை. எத்துணை பெரிய பக்கேஜ் எடுத்தாலும் இந்த நிலை மாறாது.

படி 5. தீர்வு. பருத்தித்துறை நண்பனின் வீட்டில் வடம் மூலமான இணைப்பு இருந்தது. அவனது `WAN IP` உம் இணையப் பக்கம் காட்டிய முகவரியும் ஒன்றாகவே இருந்தன. ஆகவே சேவையகத்தை அவனது கணினிக்கு மாற்றி, படி 2 ஐ அங்கு செய்தோம். நமது மாணவன் இப்போது உள்ளிருந்து வெளியே அழைப்பவன். அதனை இரண்டு கடைக்காரருமே தடுப்பதில்லை. சில நிமிடங்களில் இருவரும் சேர்ந்தனர். செலவு: ஒரு சதமும் இல்லை.

இத்தகைய நண்பன் இல்லாதவர்கள் தமது வழங்குநரிடம் பொது ஐ.பி. முகவரி தரப்படுமா என்று கேட்கலாம். இரு பக்கமும் ஆறாம் பதிப்பு ஐ.பி. முகவரி இருந்தால் முகவரி மாற்றமே தேவையில்லை. எனினும் வழிப்படுத்தியின் தீச்சுவரில் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும்.

7. பின்னர் வந்த தாமதம்

ஒரு வாரத்தின் பின் அவன் மீண்டும் வந்தான். "இப்ப சேரலாம் சேர், ஆனால் இரவிலை லாக்." இது இரண்டாவது பிரச்சினை. இதற்கு வேறு சோதனை உண்டு.

```
ping -n 20 192.168.1.1
ping -n 20 8.8.8.8
```

முதலாவது கட்டளை வீட்டு வழிப்படுத்தி வரையான நேரத்தைக் காட்டும். அது சில மில்லிசெக்கனாக இருக்க வேண்டும். அதுவே ஏறி இறங்கினால் குற்றம் வீட்டினுள் உள்ள வைபையில். வடத்தினால் இணைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது சீராகவும் இரண்டாவது ஏறி இறங்கியும் இருந்தால், குற்றம் வழிப்படுத்திக்கு அப்பால் உள்ள இணைப்பில்.

அவனுக்கு இரண்டாவதே ஏறி இறங்கியது, அதுவும் அண்ணன் கனடாவிலுள்ள சித்திக்குக் காணொளிகளை அனுப்பும் வேளையில். மேலேற்றும் பொதிகள் வழிப்படுத்தியில் வரிசையாகத் தேங்கி நிற்க, விளையாட்டின் சிறிய பொதியும் அவ்வரிசையின் பின்னால் நிற்கின்றது. அண்ணன் நிறுத்தியதும் நேரம் இறங்கியது. அண்ணன் காணொளிகளைக் காலையில் அனுப்புவதாக இருவரும் உடன்பட்டனர். அப்படி எவரும் பயன்படுத்தாத வேளையிலும் இரவில் மட்டும் ஏறி இறங்கினால், அது 4ஜி கோபுரத்தைப் பலர் ஒரே நேரத்திற் பயன்படுத்துவதால் ஏற்படும் நெரிசலாக இருக்கலாம். அதனை வீட்டிலிருந்து திருத்த முடியாது.

எச்சரிக்கை: திறந்த துறை நண்பனுக்கு மட்டுமன்றி உலகிலுள்ள எவருக்கும் திறந்ததே. தேவையான ஒரு துறையை மாத்திரம் திறக்கவும். `DMZ` என்ற வசதி கணினியின் எல்லாத் துறைகளையும் வெளியே காட்டும். அதனைப் பயன்படுத்த வேண்டாம். மைன்கிராப்ற் சேவையகத்தில் `whitelist on` என்ற கட்டளையைக் கொடுத்து, பெயர் குறித்தவரை மாத்திரம் அனுமதிக்கவும். விளையாட்டு முடிந்ததும் முன்னனுப்பலை நீக்கவும்.

8. மாதிரி வினாவும் விடையும்

வினா 1. வழிப்படுத்தியில் `WAN IP` 100.90.4.7 என்றும், இணையப் பக்கத்தில் வேறொரு முகவரியும் காட்டப்படுகின்றன. இங்கு துறை முன்னனுப்பல் பயன் தருமா? காரணம் தருக.
விடை: பயன் தராது. வழங்குநரிடத்தில் இரண்டாவது முகவரி மாற்றம் நிகழ்கின்றது. வெளியிலிருந்து வரும் பொதி அங்கேயே கைவிடப்படும்.

வினா 2. கடுமையான வகையைச் சேர்ந்த இருவர் நேரடியாகச் சேர முடியாமைக்குக் காரணம் யாது?
விடை: சேருமிடத்துக்கு ஏற்ப வெளித்துறை எண் மாறுவதால், சேவையகம் அறிவித்த துறை மற்றவருக்குப் பயன்படுவதில்லை.

வினா 3. ஒருவரது வழிப்படுத்தி வரையான நேரம் 2 மில்லிசெக்கனாகச் சீராக உள்ளது. `8.8.8.8` இற்கான நேரம் 60 இற்கும் 400 இற்கும் இடையில் மாறுகின்றது. அவர் முதலிற் செய்ய வேண்டியது யாது?
விடை: வீட்டில் எவரேனும் பெரிய கோப்பை மேலேற்றுகின்றனரா எனப் பார்த்து, அதனை நிறுத்தி மீண்டும் அளத்தல். வைபையில் குற்றம் இல்லை. என்.ஏ.ரி. வகையை மாற்றுவதாற் பயனில்லை.

வினா 4 (நீங்களே செய்க). உங்கள் வீட்டு வழிப்படுத்தியின் `WAN IP` ஐயும் இணையப் பக்கம் காட்டும் முகவரியையும் எழுதி ஒப்பிடுக. `WAN IP` 192.168. எனத் தொடங்கினால், அதற்கு முன்னால் இன்னொரு வழிப்படுத்தி உள்ளதா எனத் தேடுக. உங்கள் வீட்டிற் சேவையகம் ஒன்றை நடத்த முடியுமா என்பதை இரு வசனங்களிற் கூறுக.